சர்வீஸ் கம்பெனியிலிருந்து புராடக்ட் கம்பெனிக்கு: ஐந்து ஆண்டுகளுக்குள் மாறுவதற்கான முழுமையான வழிகாட்டி

கேம்பஸ் இன்டர்வியூவில் தேர்வாகி ஒரு பெரிய சர்வீஸ் கம்பெனியில் சேர்ந்தவர்கள், இரண்டாம் ஆண்டிலோ மூன்றாம் ஆண்டிலோ புராடக்ட் கம்பெனிக்கு மாற நினைக்கும்போது, பெரும்பாலும் கோடிங் கணக்குகளிலிருந்தே தொடங்குகிறார்கள். ஜூனியர்களுக்கு மாதிரி நேர்காணல் எடுக்கும்போது நான் பார்ப்பது வேறு. கோடிங் சுற்றில் தேறியவர்களில் பலர், "இப்போதைய புராஜெக்டில் நீங்களே செய்த ஒரு வேலையை விளக்குங்கள்" என்ற கேள்வியில் நின்றுவிடுகிறார்கள். அதற்கான பதிலைக் கடைசி வாரத்தில் தயாரிக்க முடியாது. அலுவலகத்தில் பல மாதங்கள் செய்த வேலையிலிருந்துதான் அது வரும். ஆகவே இந்த வழிகாட்டியில் அன்றாட வேலையை மாற்றுவது முதலிலும், பயிற்சி அதற்குப் பின்னும், ரெஸ்யூமே அதற்கும் பின்னும் வருகின்றன.

எடுத்துக்காட்டாக ஒருவரின் பாதையையே தொடர்கிறேன். அவர் மெக்கானிக்கல் பட்டதாரி. சோழிங்கநல்லூர் அலுவலகம் ஒன்றில், ஒரு காப்பீட்டு நிறுவனத்திற்கான சப்போர்ட் புராஜெக்டில் இருந்தார். அங்கிருந்து பேக்கெண்ட் டெவலப்பராக ஒரு புராடக்ட் கம்பெனிக்குச் சென்றார். டெஸ்டிங்கில் இருப்பவர்கள் ஆட்டோமேஷன் டெவலப்பர் வேலைக்கும், சர்வர் கண்காணிப்பில் இருப்பவர்கள் எஸ்.ஆர்.இ. வேலைக்கும் இதே வரிசையைப் பின்பற்றலாம். பயிற்சிப் பாடம் மட்டும் மாறும்.

## 1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

சேரும்போது கையெழுத்திட்ட ஆஃபர் லெட்டரையும் சர்வீஸ் அக்ரிமென்ட்டையும் எடுத்து ஒருமுறை முழுமையாகப் படியுங்கள். நோட்டீஸ் காலம் எத்தனை நாள், பயிற்சிக்கான ஒப்பந்தத் தொகை ஏதேனும் உண்டா, அது எந்தத் தேதியில் முடிகிறது, நோட்டீஸ் நாட்களைப் பணம் கட்டி ஈடுசெய்வது யாருடைய முடிவு ஆகிய நான்கும் தெரிந்தாக வேண்டும். இந்தியாவின் பெரிய சர்வீஸ் கம்பெனிகளில் 90 நாள் நோட்டீஸ் வழக்கமாக இருப்பதால், பின்னால் போடும் எல்லாக் கணக்கும் இந்த எண்ணைச் சுற்றியே வரும்.

எல்லா மாதச் சம்பளச் சீட்டுகளையும், ஆண்டு மதிப்பீட்டுக் கடிதங்களையும், சம்பள உயர்வுக் கடிதங்களையும் உங்கள் சொந்த மின்னஞ்சலில் சேமித்து வையுங்கள். இவை உங்களுக்கென்று தரப்பட்ட ஆவணங்கள்; சேமிப்பதில் தவறில்லை. கடைசி நாளன்று மாலை லேப்டாப்பை ஒப்படைத்த பிறகு உள் தளத்துக்குள் நுழைய முடியாது. புதிய நிறுவனத்தின் பின்னணிச் சரிபார்ப்பில் பழைய சம்பளச் சீட்டு கேட்கும்போது பலர் தவிப்பது இதனால்தான்.

பி.எஃப். கணக்கின் யு.ஏ.என். எண்ணில் உங்கள் பெயர், பிறந்த தேதி, தந்தை பெயர் ஆகியவை ஆதாருடன் ஒத்துப்போகின்றனவா என்று இப்போதே பாருங்கள். நம் ஊரில் இனிஷியல் முன்னால் வருவதும் பின்னால் வருவதும் அப்பாவின் பெயராக விரிவதும் சாதாரணம். இந்த வேறுபாட்டைத் திருத்த நிறுவனத்தின் ஒப்புதல் தேவைப்படலாம் என்பதால், வேலையில் இருக்கும்போதே முடித்துவிடுவது எளிது.

## 2. எந்த ஆண்டில் மாறுவது என்பதைத் தீர்மானித்தல்

ஒன்றரை ஆண்டு முதல் இரண்டரை ஆண்டு வரை அனுபவம் உள்ளவரைப் புராடக்ட் கம்பெனிகள் பெரும்பாலும் தொடக்கநிலை டெவலப்பராகவே நேர்காணல் செய்கின்றன. கோடிங், அடிப்படைக் கேள்விகள், செய்த வேலையைப் பற்றிய உரையாடல் ஆகியவை முக்கியமாக இருக்கும். நான்கு ஆண்டுகளைத் தாண்டியவரை அடுத்த நிலைக்கான அளவுகோலில் வைத்துப் பார்க்கிறார்கள். அங்கே கோடிங்குடன், ஒரு சேவையை நீங்களே வடிவமைத்து, லைவில் விட்டு, அதில் வந்த கோளாறுகளுக்குப் பொறுப்பேற்றீர்களா என்ற கேள்வியும் சேரும்.

சப்போர்ட் புராஜெக்டில் நான்கு ஆண்டுகள் கழித்தவருக்குச் சிக்கல் இங்கேதான் எழுகிறது. ஆண்டுகளின் எண்ணிக்கை அவரை மேல்நிலைக்குத் தள்ளுகிறது. செய்த வேலையோ கீழ்நிலையில் நிற்கிறது. ஆகவே இரண்டாம் ஆண்டின் நடுவில் தயாரிப்பைத் தொடங்கி மூன்றாம் ஆண்டுக்குள் மாறுவதைத்தான் நான் பரிந்துரைக்கிறேன். நான்காம் ஆண்டில் இருப்பவர்கள் கீழ்நிலைப் பதவிக்கு நேரடியாக விண்ணப்பிக்கத் தயங்க வேண்டாம். ஒரு படி குறைந்த பதவிப் பெயருடன் சரியான வேலைக்குள் போவது, பெரிய பதவிப் பெயருடன் அதே டிக்கெட்டுகளைப் பார்ப்பதைவிட நல்லது.

## 3. இருக்கும் புராஜெக்டிலேயே வேலையை மாற்றுதல்

புதியவர்கள் தாண்டிச் செல்லும் படி இதுதான். வேறு புராஜெக்ட் கிடைத்தால்தான் டெவலப்மென்ட் அனுபவம் வரும் என்று நினைத்துக் காத்திருக்கிறார்கள். சப்போர்ட் புராஜெக்டிலும் கோட் இருக்கிறது. அதை யாரோ திருத்திக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

முதல் வேலையாக, கடந்த ஆறு மாத டிக்கெட்டுகளைத் தரவிறக்கி, ஒரே காரணத்தால் திரும்பத் திரும்ப வருபவற்றைத் தனியே பிரித்தெடுங்கள். இதை அலுவலகக் கணினியிலேயே செய்யுங்கள். டிக்கெட்டை முடிப்பதற்கும் அது மீண்டும் வராமல் செய்வதற்கும் இடையே உள்ள தூரத்தில்தான் உங்களுக்கான டெவலப்மென்ட் வேலை கிடக்கிறது. நாம் தொடரும் நண்பரின் டீமில், பிரீமியம் நினைவூட்டல் அனுப்பும் இரவு நேர பேட்ச் ஜாப், மாதத் தொடக்கத்தில் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடி, காலை ஷிஃப்ட் தொடங்கும்போதும் முடியாமல் இருந்தது. ஒவ்வொரு முறையும் அதை நிறுத்தி மீண்டும் ஓட்டுவதே டீமின் வழக்கம். அவர் அதற்கான கோடைப் படிக்கும் அனுமதி மட்டும் கேட்டார். மாற்றும் அனுமதியைக் கேட்கவில்லை. படிக்கும் அனுமதியை லீட் அளவிலேயே கொடுத்துவிட முடிவதால் இது பெரும்பாலும் கிடைத்துவிடும்.

ஆரக்கிள் டேட்டாபேஸில் ஓடிய அந்த க்வெரி ஏறத்தாழ இப்படி இருந்தது:

```sql
SELECT policy_no, due_date
FROM   premium_due
WHERE  TRUNC(due_date) = :run_date;
```

`due_date` மீது இண்டெக்ஸ் இருந்தது. ஆனால் அந்த நெடுவரிசையை `TRUNC` என்ற ஃபங்ஷனுக்குள் போட்டதால், சாதாரண இண்டெக்ஸைப் பயன்படுத்தித் தேடல் வரம்பைக் குறுக்க முடியாமல், டேட்டாபேஸ் முழு டேபிளையும் படித்துக்கொண்டிருந்தது. எக்ஸிக்யூஷன் பிளானை எடுத்துப் பார்த்தபோது `TABLE ACCESS FULL` என்ற வரி அதைக் காட்டியது. மாற்றம் சிறியது:

```sql
SELECT policy_no, due_date
FROM   premium_due
WHERE  due_date >= :run_date
AND    due_date <  :run_date + 1;
```

`:run_date` நள்ளிரவு நேரத்துடன் அனுப்பப்படும் வரை இரண்டு க்வெரிகளும் ஒரே வரிசைகளைத் தரும். அவர் இதைச் சோதனைச் சூழலில் ஓட்டி, இரண்டின் முடிவுகளையும் ஒப்பிட்டு, ஓடிய நேரத்துடன் ஒரு பக்கக் குறிப்பாக எழுதி லீடிடம் கொடுத்தார். கிளையன்ட் தரப்பு ஒப்புதலுக்குச் சில வாரங்கள் ஆயின. மாற்றம் அவர் பெயரிலேயே போனது. அடுத்த முறை அதுபோன்ற வேலை வந்தபோது டீம் அவரைத்தான் அழைத்தது. ஆறேழு மாதங்களில், டிக்கெட் மூடுபவராக இருந்தவர் எல்3 திருத்தங்களையும் சிறு மேம்பாடுகளையும் செய்பவராக ஆனார். பதவிப் பெயர் மாறவில்லை. நேர்காணலில் சொல்வதற்கான பொருள் முழுவதும் மாறிவிட்டது.

இந்தப் படியில் ஒரு தவறைக் கடுமையாகத் தவிர்க்க வேண்டும். கிளையன்டின் கோடையோ, டேட்டாவையோ, வடிவமைப்பு ஆவணங்களையோ சொந்த மின்னஞ்சலுக்கும் பென்டிரைவுக்கும் கிட்ஹப்புக்கும் கொண்டு போகாதீர்கள். சில வரிகள்தானே என்று தோன்றலாம். அலுவலகக் கணினிகளிலிருந்து வெளியே போகும் கோப்புகள் கண்காணிக்கப்படுகின்றன. பிடிபட்டால் வேலை நீக்கமும், விடுவிப்புக் கடிதத்தில் சிக்கலும் வரும். உங்களுக்குத் தேவையானது கோட் அல்ல, அதைப் பற்றிய உங்கள் புரிதல். என்ன நடந்தது, எப்படிக் கண்டுபிடித்தேன், என்ன மாற்றுவழிகள் இருந்தன என்பதைக் கிளையன்ட் பெயரோ அவர்கள் டேபிள் பெயரோ இல்லாமல் சொந்த வார்த்தைகளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மேலே உள்ள க்வெரியிலும் அதனால்தான் வேறு பெயர்களைக் கொடுத்திருக்கிறேன்.

## 4. புராஜெக்ட் மாற்றம் கேட்பது

படிக்கும் அனுமதிகூடக் கிடைக்காத புராஜெக்டும் உண்டு. வேலை முழுவதும் அலர்ட்டைப் பார்த்து வேறொரு டீமுக்கு அனுப்புவதாகவே இருந்தால், உள் வேலைவாய்ப்புத் தளத்தின் வழியாக வேறு புராஜெக்டுக்கு முயலுங்கள். மானேஜர் விடாமல் இருப்பதற்கு முக்கியக் காரணம், உங்கள் இடத்தில் ஆள் இல்லையென்றால் கிளையன்டிடம் அந்த இடத்துக்கான கட்டணம் நின்றுவிடும் என்பது. ஆகவே கோரிக்கையுடன், மாற்று ஆளுக்கு எத்தனை வாரத்தில் வேலையைக் கற்றுத் தருவேன் என்பதையும் மின்னஞ்சலில் எழுதுங்கள். கிளையன்ட் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும் காலமும், டீமின் எண்ணிக்கை குறைக்கப்படும் காலமும் இதற்கு ஏற்றவை.

மூன்று மாதங்களில் எந்த அசைவும் இல்லையென்றால் அதற்காக ஓராண்டைச் செலவிட வேண்டாம். சொந்தமாக ஒரு சிறு சேவையை எழுதி, டேட்டாபேஸுடன் இணைத்து, ஒரு கிளவுட் சர்வரில் ஓடவிட்டு, அதையே பேசும்பொருளாக்கிக்கொள்ளலாம். அலுவலக அனுபவத்தின் கனம் அதற்கு வராது. ஆனால் யூடியூபைப் பார்த்து எழுதிய ஷாப்பிங் தளமாக இல்லாமல், உங்களுக்கோ குடும்பத்தின் கடைக்கோ உண்மையிலேயே பயன்படுவதாக இருந்தால், அதில் வந்த பிழைகளைப் பற்றி நேர்மையாகப் பேச முடியும்.

## 5. நேர்காணல் பயிற்சி

ஒரே மொழியைத் தேர்ந்தெடுங்கள். ஜாவா தெரிந்தால் ஜாவா. கோடிங் கணக்குக்கு பைத்தான், வேலைக்கு ஜாவா என்று பிரித்துக்கொண்டு இரண்டிலும் அரைகுறையாக நிற்பவர்கள் பலர். தினமும் ஒன்றரை மணி நேரமும் வார இறுதியில் ஒரு நீண்ட அமர்வும் ஒதுக்கினால், நான்கு முதல் ஆறு மாதம் பெரும்பாலோருக்குப் போதும். இரவு ஷிஃப்டில் இருப்பவர்கள் வேலை முடிந்து தூங்குவதற்கு முன் படிப்பதைவிட, தூங்கி எழுந்தபின் ஷிஃப்டுக்கு முந்தைய நேரத்தை ஒதுக்குவதே நிலைக்கிறது.

பாடங்களின் வரிசை முக்கியம். அர்ரே, ஸ்ட்ரிங், ஹேஷ்மேப் ஆகியவற்றை முதலில் முடியுங்கள். பிறகு பைனரி சர்ச், ஸ்டாக், க்யூ, லிங்க்டு லிஸ்ட். பிறகு ட்ரீ, கிராஃப். கடைசியில் டைனமிக் புரோகிராமிங். கடினமானதை முதலில் முடித்துவிடலாம் என்று டைனமிக் புரோகிராமிங்கில் தொடங்குபவர்கள் ஒரு மாதத்தில் சோர்ந்து விடுகிறார்கள். தொடக்கநிலை நேர்காணல்களில் முதல் தொகுதிகளிலிருந்து வரும் கேள்விகளே அதிகம்.

எத்தனை கணக்குகள் முடித்தீர்கள் என்ற எண்ணிக்கை ஏமாற்றும். இருபது நிமிடம் யோசித்து, விடை வீடியோவைப் பார்த்து, அதைத் தட்டச்சு செய்து, பச்சை நிறம் வந்ததும் அடுத்ததற்குப் போவதுதான் பெரும்பாலோர் செய்வது. உண்மையில் கற்றீர்களா என்று அறிய ஒரு சோதனை உண்டு. இரண்டு வாரம் கழித்து அதே கணக்கை, வெற்று எடிட்டரில், இயக்கிப் பார்க்காமல், 35 நிமிடத்தில், வாய்விட்டு விளக்கிக்கொண்டே எழுதுங்கள். எழுத வராதவற்றைத் தனிப் பட்டியலில் போட்டு அவற்றையே மீண்டும் செய்யுங்கள். வாய்விட்டு விளக்குவதற்குக் காரணம் இருக்கிறது. நேர்காணல் எடுப்பவர் உங்கள் யோசனையைத்தான் மதிப்பிடுகிறார். முப்பது நிமிடம் மௌனமாக இருந்து சரியான விடையை எழுதுபவரைவிட, பேசிக்கொண்டே போய் ஒரு சிறு பிழையைத் தானே கண்டு திருத்துபவருக்கு அதிக மதிப்பெண் விழுவதைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது பயிற்சி, இரண்டு மூன்று மணி நேரத்தில் ஒரு சிறு பயன்பாட்டை முழுமையாக எழுதுவது. தமிழ்நாட்டில் புராடக்ட் கம்பெனி நேர்காணலுக்குத் தயாராகும் பலருக்கும் பழக்கமான கால் டாக்ஸி கணக்கை எடுத்துக்கொள்வோம். ஒரே சாலையில் வரிசையாக ஆறு நிறுத்தங்கள், சில டாக்ஸிகள், வாடிக்கையாளர் ஓரிடத்தில் ஏறி வேறிடத்தில் இறங்க வேண்டும், அந்த நேரத்தில் காலியாக இருக்கும் டாக்ஸிகளில் அருகில் இருப்பதை ஒதுக்க வேண்டும், தூரம் சமமாக இருந்தால் குறைவாகச் சம்பாதித்த டாக்ஸிக்கு முன்னுரிமை.

சப்போர்ட் பின்னணியில் இருந்து வருபவர்கள் இதை `main`-க்குள்ளேயே நூற்றைம்பது வரிகளில் எழுதி முடித்துவிடுகிறார்கள். அது ஓடவும் செய்கிறது. உடனே நேர்காணல் எடுப்பவர், "இப்போது முன்பதிவை ரத்து செய்யும் வசதியைச் சேருங்கள்" என்பார். டாக்ஸியின் இருப்பிடமும், காலியாகும் நேரமும், வருமானமும் தனித்தனி அர்ரேக்களாகக் கிடந்தால், ரத்தானபின் டாக்ஸி எங்கே இருக்க வேண்டும் என்பதைக் கண்டுபிடிக்கவே வழி இருக்காது. டாக்ஸி ஒரு கிளாஸ், முன்பதிவு ஒரு கிளாஸ், ஒதுக்கும் விதி ஒரு தனி கிளாஸ் என்று பிரித்து, ஒவ்வொரு டாக்ஸியும் தன் முன்பதிவுகளின் பட்டியலை வைத்திருந்தால், ரத்து என்பது பட்டியலில் ஒன்றை நீக்குவது மட்டுமே. இருப்பிடமும் வருமானமும் மீதமுள்ள பட்டியலிலிருந்து கிடைத்துவிடும். இந்தச் சுற்றில் பார்க்கப்படுவது இரண்டாவது தேவையைத் தாங்கும் வடிவம்தான். ஆகவே பயிற்சியின்போது, எழுதி முடித்த ஒவ்வொரு பயன்பாட்டிலும் மறுநாள் ஒரு புதிய தேவையை நீங்களே சேர்த்துப் பாருங்கள். எத்தனை இடங்களைத் திருத்த வேண்டியிருந்தது என்பதே அதன் தரத்தைச் சொல்லிவிடும்.

இவற்றுடன் டேட்டாபேஸ் டிரான்சாக்ஷன், இண்டெக்ஸ் வேலை செய்யும் விதம், ஹெச்.டி.டி.பி. அடிப்படைகள், த்ரெட்டுகள் ஆகியவற்றை உங்கள் புராஜெக்டுடன் இணைத்துப் படியுங்கள். பொறியியல் கல்லூரியில் கணினித் துறையில் படிக்காதவர்கள் இதற்கென்று இரண்டு மாதம் கூடுதலாக எடுத்துக்கொள்ளலாம்.

## 6. ரெஸ்யூமே எழுதுதல்

ரெஸ்யூமேயை இந்த இடத்தில் எழுதச் சொல்வதற்குக் காரணம், எழுதுவதற்கான பொருள் இப்போதுதான் உங்களிடம் சேர்ந்திருக்கிறது. ஒரு பக்கம் போதும். சர்வீஸ் கம்பெனிகளின் உள் வார்ப்புருவில் புராஜெக்ட் விளக்கம், டீம் அளவு, சூழல், பொறுப்புகள் என்று மூன்று பக்கம் நீளும். அது கிளையன்டுக்காக உருவானது, அப்படியே அனுப்பாதீர்கள்.

நண்பரின் பழைய ரெஸ்யூமேயில், எல்2 டிக்கெட்டுகளை எஸ்.எல்.ஏ.வுக்குள் தீர்த்தது, பேட்ச் ஜாப்களைக் கண்காணித்தது என்ற பொருளில் இரண்டு வரிகள் இருந்தன. அவற்றை நீக்கி, மாதத் தொடக்கத்தில் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடிய நினைவூட்டல் பேட்ச், முழு டேபிளையும் படிப்பதைக் கண்டறிந்து, க்வெரியை மாற்றி, அரை மணி நேரத்துக்குள் கொண்டுவந்தது என்று ஒரே வரியாக எழுதினார். என்ன சிக்கல், என்ன காரணம், என்ன செய்தார், என்ன மாறியது என்ற நான்கும் அதில் வந்துவிட்டன.

அப்படி ஒரு வரியை எழுதினால் அதிலிருந்து ஐந்து கேள்விகள் வரும். அவற்றுக்கு விடை இல்லாவிட்டால் அந்த வரியே உங்களுக்கு எதிராகிவிடும். இந்த வரிக்கு வந்த கேள்விகளில் ஒன்று, "க்வெரியை மாற்றாமல் `TRUNC(due_date)` மீதே ஒரு ஃபங்ஷன் இண்டெக்ஸ் போட்டிருக்கலாமே, ஏன் செய்யவில்லை?" என்பது. அதுவும் வேலை செய்யும். ஆனால் கூடுதலாக ஓர் இண்டெக்ஸ் இருந்தால், புதிய வரிசைகள் சேரும் ஒவ்வொரு முறையும் அதையும் புதுப்பிக்க வேண்டும், இடமும் பிடிக்கும், ஏற்கெனவே ஓர் இண்டெக்ஸ் இருக்கும்போது க்வெரியைத் திருத்துவது மலிவான வழி. பல புரோகிராம்களில் அதே க்வெரி சிதறிக் கிடந்து, எல்லாவற்றையும் தொட முடியாத நிலை இருந்தால் மட்டும் ஃபங்ஷன் இண்டெக்ஸைத் தேர்ந்திருப்பேன் என்று அவர் சொன்னார். அன்றைய உரையாடலின் பெரும்பகுதி இந்த ஒரு வரியைச் சுற்றியே நடந்தது.

செய்யாத வேலையை எழுதுவதும், பணம் வாங்கிக்கொண்டு போலி அனுபவச் சான்று தரும் கன்சல்டன்சிகளை நாடுவதும் இந்தக் கட்டத்தில்தான் நடக்கின்றன. பின்னணிச் சரிபார்ப்பில் யு.ஏ.என். எண்ணின் கீழ் உள்ள பணி வரலாற்றைப் பார்க்கிறார்கள். எந்த நிறுவனம் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை பி.எஃப். செலுத்தியது என்பது அதில் தெரியும். சேர்ந்து சில மாதம் கழித்துப் பிடிபட்டாலும் வேலை போகும்.

## 7. விண்ணப்பிக்கும் வரிசை

மிகவும் விரும்பும் கம்பெனிக்கு முதலில் விண்ணப்பிக்காதீர்கள். ஒருமுறை நிராகரித்தால் ஆறு மாதமோ ஓராண்டோ கழித்துத்தான் மீண்டும் விண்ணப்பிக்கலாம் என்ற விதி பல நிறுவனங்களில் உண்டு. கிடைத்தால் உண்மையிலேயே சேரக்கூடிய, ஆனால் பட்டியலில் நடுவில் இருக்கும் மூன்று நான்கு நிறுவனங்களில் தொடங்குங்கள். ஒவ்வொரு நேர்காணலும் முடிந்த அன்றே கேட்ட கேள்விகளையும் தடுமாறிய இடங்களையும் எழுதி வையுங்கள். ஒரே வகைக் கேள்வியில் இரண்டு முறை தடுமாறினால், விண்ணப்பிப்பதை நிறுத்திவிட்டு அதை மட்டும் இரண்டு வாரம் படித்துவிட்டுத் தொடருங்கள்.

வேலைவாய்ப்புத் தளங்களில் விண்ணப்பிப்பதைவிட, அங்கே வேலை செய்யும் ஒருவரின் பரிந்துரை வழியாகப் போகும் ரெஸ்யூமே படிக்கப்படும் வாய்ப்பு அதிகம். கல்லூரி சீனியர்களில் தொடங்குங்கள். "அண்ணா, ஏதாவது ஓபனிங் இருந்தா சொல்லுங்க" என்று அனுப்பும் செய்திக்கு அவர்களால் எதுவும் செய்ய முடியாது. நிறுவனத்தின் தளத்தில் உள்ள குறிப்பிட்ட வேலையின் இணைப்பு, ரெஸ்யூமே, அந்த வேலைக்கு நீங்கள் பொருந்தும் காரணம் இரண்டு வரியில் என்று மூன்றையும் அனுப்பினால், அவர்கள் ஐந்து நிமிடத்தில் உள் தளத்தில் ஏற்றிவிடலாம்.

அழைப்பு வந்ததும் முதலில் கேட்க வேண்டியது, சம்பளம் யாருடைய பே-ரோலில் வரும் என்பது. பெரிய புராடக்ட் கம்பெனியின் பெயரைச் சொல்லி அழைத்து, கடைசியில் ஒரு வெண்டரின் பே-ரோலில் ஒப்பந்த ஆளாக எடுப்பது அடிக்கடி நடக்கிறது. அந்த வேலையை ஏற்பதும் விடுவதும் உங்கள் முடிவு. ஆனால் அது இன்னொரு சர்வீஸ் கம்பெனி வேலைதான் என்பது தெரிந்தே முடிவெடுக்க வேண்டும். அதோடு, எந்த டீம், என்ன புராடக்ட், டெவலப்மென்ட்டா பராமரிப்பா என்பதையும் மானேஜர் சுற்றில் கேளுங்கள். புராடக்ட் கம்பெனிகளுக்குள்ளும் சப்போர்ட் டீம்கள் இருக்கின்றன.

## 8. ஆஃபரைப் படித்தல்

சி.டி.சி. என்ற மொத்தத் தொகையை ஒப்பிடாதீர்கள். கணக்குக்காக 16 லட்சம் ரூபாய் என்று ஓர் ஆஃபரை வைத்துக்கொள்வோம். அதில் நிலையான சம்பளம் 11.5 லட்சம், செயல்திறனைப் பொறுத்த தொகை 1.5 லட்சம், சேரும்போது தரும் போனஸ் 1 லட்சம், பங்குகளின் ஓராண்டு மதிப்பு 2 லட்சம் என்று பிரிந்திருந்தால், மாதம்தோறும் வரப்போவது 11.5 லட்சத்திலிருந்து மட்டுமே. அதிலும் நிறுவனத்தின் பி.எஃப். பங்கு அடங்கியிருக்கலாம். போனஸை ஓராண்டுக்குள் வெளியேறினால் திருப்பித் தர வேண்டியிருக்கும். பங்குகள் வழக்கமாக நான்கு ஆண்டுகளில் சிறிது சிறிதாகக் கைக்கு வரும். முதல் பகுதிக்கே ஓராண்டு காத்திருக்க வேண்டியிருப்பது வழக்கம். இன்னும் பங்குச் சந்தைக்கு வராத நிறுவனத்தின் பங்கு என்றால், அதைக் கணக்கில் சேர்க்காமலே முடிவெடுங்கள்.

## 9. பேப்பர் போடுவதும் நோட்டீஸ் காலமும்

கையில் எழுத்துபூர்வமான ஆஃபர் வந்து, அதில் சம்பளமும் சேரும் தேதியும் இருந்து, நீங்கள் அதை ஏற்றுக்கொண்ட பிறகே பேப்பர் போடுங்கள். முதலில் பேப்பர் போட்டுவிட்டால் உடனே சேரக்கூடியவர் என்று அதிக அழைப்புகள் வரும் என்ற யோசனை பரவலாக இருக்கிறது. சர்வீஸ் கம்பெனியிலிருந்து இன்னொரு சர்வீஸ் கம்பெனிக்குப் போகும்போது அது ஓரளவு பலிக்கலாம், ஏனென்றால் அங்கே கிளையன்டுக்கு உடனே ஆள் காட்ட வேண்டியிருக்கிறது. புராடக்ட் கம்பெனியில் நான்கைந்து சுற்றுகள் முடியவே ஒரு மாதத்துக்கு மேல் ஆகலாம். 90 நாட்கள் கரையும்போது பயத்தில் முதலில் வந்ததை ஏற்றுக்கொள்ள நேரிடும்.

புதிய நிறுவனம் 60 நாளில் வரச் சொன்னால் பழைய நிறுவனம் விட்டுவிடும் என்று நீங்களாக உறுதி தராதீர்கள். நோட்டீஸ் 90 நாள் என்று முதல் அழைப்பிலேயே சொல்லுங்கள். முன்கூட்டியே விடுவிக்கக் கேட்பதும், மீதி நாட்களுக்குப் பணம் கட்டுவதும் மானேஜரின் ஒப்புதலைப் பொறுத்தவை. மாற்று ஆள் தயாரான பிறகு, அதாவது முதல் மாத முடிவில் கேட்டால் வாய்ப்பு கூடும். நோட்டீஸில் எடுக்கும் விடுப்பு பல இடங்களில் கடைசி நாளைத் தள்ளிவிடும் என்பதால் விதியை முன்பே பாருங்கள்.

எதிர் ஆஃபராகச் சம்பள உயர்வும் வேறு புராஜெக்டும் தருவதாகச் சொல்வார்கள். சம்பளம் மட்டும்தான் காரணம் என்றால் அதைப் பரிசீலிக்கலாம். வேலையின் தன்மைக்காகக் கிளம்புபவர், வாய்மொழியாகச் சொல்லப்படும் புராஜெக்டை நம்பி ஆஃபரை விடக் கூடாது; அந்தப் புராஜெக்ட் வராமல் போனால் கேட்பதற்கு இடமில்லை.

## 10. வெளியேறும்போதும் அதன் பிறகும்

விடுவிப்புக் கடிதம், அனுபவச் சான்று, இறுதிக் கணக்கு அறிக்கை ஆகிய மூன்றையும் பெறும்வரை எச்.ஆர். பிரிவுடன் மின்னஞ்சலிலேயே பேசுங்கள். அந்த நிதியாண்டில் பழைய நிறுவனத்தில் வந்த வருமானத்தையும் பிடித்த வரியையும் புதிய நிறுவனத்திடம் தெரிவியுங்கள். தெரிவிக்காவிட்டால் இரு நிறுவனங்களும் தனித்தனியாக வரி வரம்பைக் கணக்கிட்டுக் குறைவாகப் பிடிக்கும். ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது மொத்தமாகக் கட்ட வேண்டி வரும்.

பி.எஃப். பணத்தை எடுக்காதீர்கள், அதே யு.ஏ.என். எண்ணில் புதிய கணக்குக்கு மாற்றுங்கள். தொடர்ச்சியான ஐந்து ஆண்டுப் பணிக்கு முன் எடுத்தால் வரி உண்டு. மாற்றினால் பழைய நிறுவனத்தின் காலமும் அந்த ஐந்து ஆண்டில் சேரும். நீங்கள் வெளியேறிய தேதியைப் பழைய நிறுவனம் பதிவு செய்யாததால்தான் பெரும்பாலும் மாற்றம் தடைப்படுகிறது. கடைசிப் பங்களிப்புக்குப் பிறகு இரண்டு மாதம் கழிந்தால் அந்தத் தேதியை இ.பி.எஃப்.ஓ. தளத்தில் நீங்களே பதிவு செய்யலாம்.

கிராஜுவிட்டி அப்படித் தொடராது. நிரந்தரப் பணியாளருக்கு ஒரே நிறுவனத்தில் ஐந்து ஆண்டுப் பணி தேவை. கணக்கில் கொள்ளும் மாத ஊதியம் 20,000 ரூபாய் என்றால், அதை 26-ஆல் வகுத்து 15-ஆலும் 5-ஆலும் பெருக்கினால் ஏறத்தாழ 57,700 ரூபாய் வரும். மூன்றரை ஆண்டில் நல்ல ஆஃபர் கிடைத்தவர் இந்தத் தொகைக்காக ஒன்றரை ஆண்டு காத்திருப்பதில் பொருளில்லை. நான்கு ஆண்டு ஒன்பது மாதத்தைத் தாண்டியவரின் நிலை வேறு. அவர் 90 நாள் நோட்டீஸையும் முழுமையாக வேலை செய்தால் கடைசி நாள் ஐந்து ஆண்டைத் தொடலாம். அப்படிப்பட்டவர் நோட்டீஸைக் குறைக்கச் சொல்லிக் கேட்பதற்கு முன், சேர்ந்த தேதியையும் கடைசி நாளையும் நாட்காட்டியில் எண்ணிப் பார்த்துவிட்டு எச்.ஆர். பிரிவிடம் எழுத்தில் உறுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.